ஒற்றையில் நின்ற வரி

நான் முதன்முதலாக எழுதிய நோட்டில் ஒரு விரற்கடை இடம்கூடச் சும்மா இருக்காது. முதல் பக்கத்தின் மேல்கோட்டில் தொடங்கியது, கடைசிப் பக்கத்தின் அடிக்கோட்டில் முடிந்தது. நடுவில் எங்கேயும் வரியை முறித்து, அடுத்ததைக் கொஞ்சம் தள்ளித் தொடங்கினேன் என்பது கிடையாது. விலை கொடுத்து வாங்கிய தாளில் பாதி வரியை வெறுமனே விடுவானேன் என்று நினைத்தேன். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வகுப்பில் பெயர் எழுதவும், பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் பலகையைப் படிக்கவும், மனு நிரப்பவும் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதிக்கொண்டே போனால் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே குறைவு.

காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே எங்களுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை இருந்தது. வீட்டுக்காரர் காலமான பிறகு அதை நான்தான் பார்த்தேன். கொடியைக் கவாத்து வெட்டுவது, மருந்துக்கு ஆள் பிடிப்பது, வியாபாரியிடம் பேசுவது எல்லாம் நான். அவர் போன மறுவருஷம், பழம் நிறமேறி அறுப்புக்கு நின்ற சமயத்தில், காற்றும் மழையுமாக வந்து பந்தல் சாய்ந்தது. திராட்சைப் பந்தல் என்பது கல்தூண்களை நட்டு, மேலே கம்பியை வலைபோல இழுத்துக் கட்டியது. நான்கு மூலைக் கல்லையும் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிக்கிற கம்பி ஒன்று அறுந்தால் போதும், வலை மொத்தமும் தொய்ந்து கொடியும் பழமுமாகத் தரைக்கு வந்துவிடும். அப்படித்தான் வந்தது. அதை ஒரே பகலில் எப்படித் தூக்கி நிறுத்தினோம் என்பதைத்தான் அந்த நோட்டு முழுக்க எழுதியிருந்தேன்.

எழுதச் சொன்னது தேனியில் விதைக்கடை வைத்திருந்த ஒருவர். என்னைவிட இருபத்தைந்து வயதாவது சின்னவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். திராட்சை விவசாயிகளுக்கென்று மாத இதழ் ஒன்று நடத்தினார். கடைக்கு மேல் மாடியில் ஒரு கம்ப்யூட்டர், அதில் எழுத்து அடித்துப் பக்கம் கட்டுகிற ஒரு பெண், இவ்வளவுதான் இதழின் ஆபீஸ். புது நூற்றாண்டு பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். விதை வாங்கப் போன இடத்தில் பந்தல் சாய்ந்த கதையைச் சொன்னேன். பொங்கல் இதழுக்கு எழுதிக்கொடுங்கள் என்றார். இரண்டு பக்கம் வரும் என்று அவர் நினைத்திருக்கிறார். நான் ஒரு நோட்டைக் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்கன நிறுத்திப் படிக்கிறதுன்னு தெரியலையேம்மா என்றார்.

"நிறுத்த வேணாம். படிங்க."

"மூச்சு விடணும்ல."

"எழுதுறப்ப நான் விட்டேன்ல."

சிரித்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்து, இருக்கிறபடியே அடிக்கச் சொன்னார். இதழில் பக்கத்தை நெடுக இரண்டாகப் பிரித்து இரண்டு பத்தியாக ஓடும் என்பதால் நோட்டில் அகலமாகக் கிடந்த என் வரிகள் ஒடுங்கி நீண்டுபோயின. பதினொரு பக்கம் வந்தது. கையில் வாங்கிப் பார்த்தால் புதுத் தார் ரோடு மாதிரி, கறுப்பாக, ஒரு வெள்ளைக் கீற்று இல்லாமல் கிடந்தது. என் எழுத்து அச்சில் வந்ததே என்று எனக்குச் சந்தோஷம்தான். அவருக்குத்தான் முகம் தெளியவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஐந்து பக்கத்துக்கு மேல் போகிற எதையும் அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால், எங்கள் ஊர்ப் பழக் கொட்டகையில் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அறுத்து வந்த குலைகளில் வெடித்ததையும் அழுகியதையும் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுத்து, பெட்டியில் அடுக்கி, கேரளத்து லாரிக்கு ஏற்றுகிற இடம் அது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்போம். அதில் பத்தாவது முடித்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு மருமகள்தான் வாசிப்பாள். அவள் பங்குப் பழத்தை மற்றவர்கள் நறுக்கிவிடுவார்கள். தம்பி இன்னொரு பிரதியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்காருவார். காது முழுக்கக் கத்தரிச் சத்தத்தில்தான் இருக்கும். கேட்கிறவர்கள் லயித்தால் கத்தரி மெதுவாகும். மனது விலகினால் சத்தம் கூடும், பிறகு பேச்சு தொடங்கும். அந்த இடத்துக்கு நேரே தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான் அவருடைய பரிசோதனை.

என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கொட்டகை கடைசிவரை கேட்டால் பதினொரு பக்கமும் பொங்கல் இதழில் வரும். கேட்காவிட்டால் மூலைக் கம்பியை எப்படிக் கட்டுவது, மழைக்குப் பின் என்ன மருந்து என்பதை மட்டும் வெட்டியெடுத்து ஒன்றரைப் பக்கக் குறிப்பாகப் போடுவார். எனக்குக் குறிப்பு வேண்டாம். கம்பி கட்டுவது எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு நாள் முழுசாக அச்சில் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. புருஷன் இல்லாத பொம்பளை தோட்டத்தை விற்றுவிடுவாள் என்று சொன்னவர்கள் இன்னும் ஊரில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கும் அந்த இதழ் போகும்.

முதல் வாசிப்பில் இரண்டு பக்கம் ஓடியது. மூன்றாவதில் ரேஷன் கடையில் சீனி வந்துவிட்டதா என்ற பேச்சு கிளம்பிவிட்டது. வாசித்தவளுக்கே இடம் தவறி, படித்த வரியை மறுபடி படித்தாள். அது யாருக்கும் தெரியவில்லை. எனக்கு உறைத்தது அதுதான். பேசினால்கூடப் பொறுப்பேன், ஒரே வரி இரண்டு தடவை வந்தது யார் காதிலும் விழவில்லையே.

வட்டத்தில் என் நாத்தனாரும் இருந்தாள். வீட்டுக்காரருக்கு நேரே இளையவள். அவளைப் பற்றியும் அதில் வருகிறது. பந்தல் சாய்ந்த அன்று அவள் வரவில்லை, மகள் பிரசவத்துக்குக் கம்பம் ஆஸ்பத்திரியில் இருந்தாள், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே பந்தலுக்கு வந்தாள், கடைசி மூலையைக் கட்டி முடிக்கும்வரை கம்பியைத் தோளில் தாங்கி நின்றாள் என்று, ஒரே மூச்சில் எழுதியிருந்தேன். வாசிக்கும்போது அவள் குலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தாள். தன் கதை போனது அவளுக்கே தெரியாது.

இரண்டாவது தடவைக்குத் தம்பியே பாரா பிரித்துக் கொண்டுவந்தார். நான் அதற்குள் அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டிருந்தேன். பத்து வரிக்கு ஒன்று என்று கரும்புக் கரணை வெட்டினதுபோல அளவாக வெட்டியிருந்தார். தாள் பார்க்க அழகாக இருந்தது. வாசிக்கக் கேட்டால் பேச்சு கிளம்பவில்லை, ஆனால் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கத்தரியைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தாள். காற்று வருகிற இடமும் பத்து வரி. மருந்துக்கு மயில்துத்தம் கரைக்கிற இடமும் பத்து வரி. வாசிக்கிறவள் பத்து வரிக்கு ஒருதரம் குரலை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள்.

"ஒரே தொட்டில் ஆட்டமா இருக்குண்ணே," என்றாள் அவரைப் பார்த்து. "பாரா முடியுற எடத்துல சங்கதி முடியல. சங்கதி முடியுற எடத்துல பாரா முடியல."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அளவைப் பார்த்து வெட்டிட்டேன், விசயத்தைப் பார்த்து வெட்டல என்று ஒப்புக்கொண்டார். நான் தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கொடியில் எந்தக் கணுவுக்கு மேல் வெட்ட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற எனக்கு இது வராதா என்று ஒரு திமிர்.

வீட்டில் பாயை விரித்து, பதினொரு பக்கத்தையும் கத்தரியால் பட்டை பட்டையாக நறுக்கிப் போட்டேன். காற்றாடியை நிறுத்திவிட்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். எனக்குப் படிப்பு மெதுவாகத்தான் ஓடும், விரலை வைத்து எழுத்துக் கூட்டித்தான் போவேன். அதுவே உதவியாக இருந்தது. விரல் எங்கே தானாக நிற்கிறது என்று பார்த்தேன். வலையைத் தூக்குகிற இடத்தில் விரல் நிற்கவே இல்லை. ஆளுக்கொரு கம்பி, முட்டுக்கொடுக்கக் கவைக்கம்பு, ஒருத்தி விட்டால் இன்னொருத்தி தலையில் விழும், அதில் எங்கே வெட்டுவது? நீளமாகவே விட்டேன். ஒரு முழுப் பத்தி ஓடியது. மருந்து சொல்கிற இடம் நடுத்தரம், ஏனென்றால் அங்கே ஒன்று சொல்லி முடித்தால் அடுத்தது வேறு. தோட்டத்திலிருந்து வீட்டுக்குப் போய் வருகிற இடங்களுக்கு இரண்டு வரி, மூன்று வரி போதும். நீளமானதற்குப் பக்கத்தில் குட்டையானது கிடந்தபோது, நீளமானதன் நீளமே அப்போதுதான் தெரிந்தது.

ஒற்றை வரி தற்செயலாக அமைந்தது. காற்று வருவதற்கு முந்தின சாயங்காலத்தை நான் நிறைய எழுதியிருந்தேன். மேகமலைப் பக்கம் மூட்டமாக இருந்தது, பழத்தின் மேல் மாவுபோலப் படியும் வெண்பூச்சு அழியாமல் இருந்தது, வியாபாரி வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார், நான் சோறு வடித்தேன் என்று சாவகாசமாகப் போகும். அதன் வாலில் இருந்த 'கம்பி அறுந்தது' என்ற இரண்டு வார்த்தையை நறுக்கும்போது அது தனிப் பட்டையாக விழுந்தது. எங்கே ஒட்டுவது என்று பார்த்தேன். தனியாகவே ஒட்டினேன்.

மூன்றாவது வாசிப்பில் அந்த இடம் வந்தது. வாசிக்கிறவள் நிறுத்தி, அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி, மறுபடி நிறுத்தினாள். கொட்டகையில் ஒரு கத்தரி அசையவில்லை. வெளியே லாரிக்காரர் இருமுவது கேட்டது. இத்தனை வருஷத்தில் நான் பேசி ஒரு கூட்டம் அப்படி வாயடைத்தது இல்லை.

அதன்பிறகு பேராசை வந்தது. ஒரு வாரம் கழித்து நான் கொண்டுவந்த தாளில் அப்படிப்பட்ட ஒற்றை வரிகள் இருபதுக்கு மேல். 'மழை பெய்தது' தனியாக. 'விடிந்தது' தனியாக. 'கஞ்சி குடித்தோம்' என்பதும் தனியாக. முதல் மூன்றுக்குக் கத்தரி நின்றது. நான்காவதுக்கு வேகம் குறையவில்லை. எட்டாவதுக்கோ ஒன்பதாவதுக்கோ வாசிக்கிறவள் நிறுத்தியதும், ஒரு கிழவி, "இந்தா வருது பாரு, அடுத்து வெத்தல போட்டோம்பாக," என்றாள். கொட்டகையே சிரித்தது. நாத்தனாரும் சிரித்தாள். 'கம்பி அறுந்தது' வந்தபோதுகூட அந்தச் சிரிப்பு அடங்கியிருக்கவில்லை. நல்லதாக இருந்த ஒன்றையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

தம்பி வீட்டு வாசல்வரை கூட வந்தார். எல்லாக் கல்லையும் மூலைக்கல்லாக நட்டால் பந்தல் எங்கே இருக்கும் என்று கேட்டார். தனியாக நிற்கிற வரிக்கு முன்னால் இருக்கிறது அதை இழுத்துப் பிடிக்க வேண்டும், கஞ்சி குடித்ததற்கு எது இழுவை என்றார். பதினொரு பக்கத்துக்கு இரண்டு தாங்கும், மூன்று கஷ்டம், நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார்.

ஒன்று இருக்கவே இருக்கிறது. இரண்டாவதைத் தேடினேன். பட்டைகளை மறுபடி பரப்பி விரலை ஓட்டும்போது, ஊரே வந்த கூட்டத்தைச் சொல்லும் இடத்துக்கு வந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தார், பால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தார், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் வந்தார்கள் என்று எல்லாரையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, 'நாத்தனார் அன்று வரவில்லை' என்று இருந்தது. விரல் அங்கே நின்றது. மற்ற எந்த இடத்தையும்விட நன்றாக நின்றது. அதை நறுக்கித் தனியாக ஒட்டினேன். ஆஸ்பத்திரி, பஸ், தோளில் கம்பி எல்லாம் அடுத்த பாராவில் இருக்கிறதே, எதையும் மறைக்கவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அது முழு உண்மை இல்லை. அன்று காலையில் வலைக்கடியில் நின்றுகொண்டு, அண்ணன் தோட்டத்துக்கு ஊரே வந்திருக்கிறது, கூடப் பிறந்தவளைக் காணோமே என்று நான் நினைத்தது உண்டு. மத்தியானம் விவரம் தெரிந்தது. சாயங்காலம் அவளே வந்து நின்றாள். ஆனாலும் காலையில் நினைத்தது எங்கேயோ ஒரு மூலையில் கிடந்திருக்கிறது. விரல் நின்றது அதனால்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது, வரி நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் தெரிந்தது.

ஐந்தாவது வாசிப்பு. மார்கழி நடுவில், இதழ் அச்சுக்குப் போக நான்கு நாள் இருந்தது. 'கம்பி அறுந்தது' பழையபடி கொட்டகையை நிறுத்தியது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருகிற பாரா வந்தது. வாசிக்கிறவள் குரலை ஏற்றிக்கொண்டே போய் நிறுத்தினாள்.

நாத்தனார் அன்று வரவில்லை.

மறுபடி நிறுத்தினாள். தனி வரிக்கு அப்படி நிறுத்த வேண்டும் என்று இத்தனை வாசிப்பில் பழகியிருந்தாள். அந்த இடைவெளியில் எல்லாத் தலையும் ஒரு பக்கமாகத் திரும்பியது. என் நாத்தனார் குலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வெற்றிலைக் கிழவி மெதுவாக, "பெறந்த வீட்டுப் பந்தல், எப்படித்தான் இருப்புக் கொண்டுச்சோ," என்றாள். இன்னொருத்தி ஏதோ முணுமுணுத்தாள். வாசிப்பு தொடர்ந்தது. ஆஸ்பத்திரி போனது, பஸ் போனது, தோளும் கம்பியும் போனது. நாத்தனார் பாதிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். கடைசிவரை வாசித்து முடித்தபோது பெண்கள் கை தட்டினார்கள். பதினொரு பக்கமும் வரும் என்று தம்பி சொன்னார். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

அவர் மடியில் இருந்த பிரதியை வாங்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் சுத்தமாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில், அந்த வரிக்கு அடுத்த பாரா முழுக்க, மேலிருந்து கீழ்வரை கோடு.

இது என்ன தம்பி என்றேன். அங்க யாரும் கேட்கலம்மா, அந்த வரியையே பேசிக்கிட்டு இருந்தாக என்றார். ஆனால் அந்த வரி நிற்கிறது, பொங்கல் இதழிலேயே அதுதான் நினைவில் இருக்கப்போகிறது, எடுத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். அவர் சொன்னது பத்திரிகைக்காரர் பேச்சு. அதில் தப்பில்லை.

மறுநாள் நாத்தனார் கொட்டகைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. யாரிடமும் போய் நிற்கிற ஆள் இல்லை நான். ஆனாலும் போனேன். அவள் வீட்டுக் கொல்லையில் பேரனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பந்தல் சாய்ந்த அன்று பிறந்த பேரன். அவன் மேலெல்லாம் சோப்பு நுரை. வாங்க மதினி என்றாள். அதை மட்டும் அவள் விடமாட்டாள்.

அடுத்த பாராவிலேயே எல்லாம் எழுதியிருக்கிறேன், நீ எழுந்து போய்விட்டால் எப்படிக் கேட்கும் என்று நான்தான் தொடங்கினேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்றும் சொன்னேன்.

"பொய்யின்னு நான் சொன்னேனா? மொத நாலு வாட்டியும் இதையேதான் படிச்சாக. அப்ப நான் எந்திரிச்சுப் போனேனா?"

"அதான். அதே வார்த்தைதான இருக்கு."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "அப்ப ஆசுபத்திரியோட, பஸ்ஸோட, எல்லாத்தோடயும் சேந்து இருந்தேன் மதினி. இப்ப நீங்க என்னைய மட்டும் ஒத்தையில நிப்பாட்டிட்டீக. அங்கிட்டு ஒரு ஆள் இல்ல, இங்கிட்டு ஒரு ஆள் இல்ல. பாக்குறவுக என்னையத்தான பாப்பாக?"

பேரன் கண்ணில் சோப்பு பட்டு அழத் தொடங்கினான். அவள் அவனைக் கவனித்தாள். நான் திரும்பி வந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அது வராது.

மறுநாள் காலைப் பஸ்ஸில் தேனிக்குப் போனேன். மாடியில் கம்ப்யூட்டர்ப் பெண் பக்கம் கட்டி முடித்து, மதுரை அச்சகத்துக்கு அனுப்ப எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் வரியைப் பழையபடி சேர்க்க வேண்டும் என்றேன். தம்பிக்கு மனசில்லை. ஆட்கள் வருகிற பாரா ஏற்கெனவே நீளம், அதோடு இதையும் அடுத்ததையும் சேர்த்தால் ஒரு பத்தியைத் தாண்டிப் போகும், வாசிக்கிறவர் களைத்துப்போவார் என்றார். சாயங்கால பஸ் வருகிற இடத்தில் உடைத்துக்கொள்ளலாம் என்று வழியும் சொன்னார்.

நான் யோசித்தேன். பஸ் வருகிற இடத்தில் உடைத்தால், வரவில்லை என்பது ஒரு பாராவின் வாலிலும் வந்தாள் என்பது அடுத்ததன் தலையிலும் நிற்கும். வாலில் நிற்பதும் கொஞ்சம் தனியாக நிற்பதுதான். அங்கேயும் மூச்சு விடுவார்கள், தலை திரும்பும். வேண்டாம், ஒரே பாரா, அன்று அந்த வலையும் எங்களை உட்கார விடவில்லை, வாசிக்கிறவரும் கொஞ்சம் நிற்கட்டும் என்றேன். காலையில் முதல் ஆள் வந்ததிலிருந்து கடைசி மூலை கட்டி முடித்ததுவரை ஒன்றாகச் சேர்க்கச் சொன்னேன்.

அந்தப் பெண் சேர்த்தாள். திரையைப் பார்த்துவிட்டு, ஒரு சிக்கல் பெரியம்மா என்றாள். பக்கம் சரியாக அந்த இடத்தில் முடிகிறது. 'நாத்தனார் அன்று வரவில்லை' என்பது பக்கத்தின் கடைசி வரி. மகள் பிரசவம் என்பது தாளைத் திருப்பினால்தான் வரும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் விட்டாலும் அந்த வரி விடமாட்டேன் என்கிறதே. என்ன வழி என்றேன். முன்னால் எங்கேயாவது ஐந்தாறு வரி குறைத்தால் இது மேலே ஏறிவிடும், அவள் வந்ததைச் சொல்கிற வரிகளும் அதே பக்கத்துக்குள் வந்துவிடும் என்றாள். எதைக் குறைப்பது? மயில்துத்தம் கரைக்கும் அளவைக் குறைக்க முடியாது, அதை நம்பித்தான் ஒருவர் மருந்து கலப்பார். முந்தின சாயங்காலத்தைக் குறைத்தால் 'கம்பி அறுந்தது' என்பதற்கு இழுவை போய்விடும். விரலை வைத்து மேலிருந்து வந்தேன். முட்டுக் கொடுக்கக் கவைக்கம்பு வெட்டச் சொன்னது நான்தான், ஆம்பிளைகள் யாருக்கும் அந்த யோசனை வரவில்லை, வியாபாரியே அசந்துபோனார் என்று என்னைப் பற்றி நானே எழுதிய ஆறு வரி இருந்தது. அதற்காகத்தான் பாதி நோட்டை எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். அந்த ஆறு வரியையும் இரண்டு தடவை படித்தேன்.

"இதை எடுத்துரு ஆத்தா," என்றேன் அந்தப் பெண்ணிடம்.

வரிகள் மேலே ஏறின. பஸ் வந்தது, நாத்தனார் இறங்கினாள், தோளில் கம்பியை வாங்கினாள், எல்லாம் ஒரே பக்கத்துக்குள் அடங்கியது. இவ்வளவு நீளத்துக்குப் பிறகு ஒரு நிறுத்தம் வேண்டுமே, தனி வரி ஏதாவது போடுவோமா என்று தம்பி கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அடுத்த நாள் பழம் அறுத்ததைச் சொல்லும் மூன்று வரிப் பாரா அங்கே இருந்தது. அதுவே போதும் என்று பட்டது. கட்டுரை முழுக்க ஒற்றை வரி ஒன்றுதான், கம்பி அறுந்தது.

பொங்கலுக்கு இதழ் வந்தது. கொட்டகையில் அந்த மருமகள் எடுத்து வாசித்தாள். நாத்தனாரும் வந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. அந்த நீளமான பாராவுக்குள் போனதும் வாசிக்கிறவள் நிறுத்த இடம் இல்லாமல் ஓடினாள். வரவில்லை என்றதும் யாரும் திரும்ப நேரம் கிடைக்கவில்லை, அதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது, பஸ் வந்துவிட்டது. கத்தரிகள் மெதுவாகி மெதுவாகி, மூலையைக் கட்டி முடித்தபோது நின்றிருந்தன. வெற்றிலைக் கிழவியும் கத்தரியை மடியில் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள். தட்டில் சர்க்கரைப் பொங்கல் மூடிக் கொண்டுவந்திருந்தாள். இதழை எடுக்கச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, தன் பாரா எது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். மேலே விரலை வைத்து, கீழே முடிகிற இடம்வரை இழுத்துப் பார்த்தாள். எம்மாடி, இம்புட்டுக்குமா என்றாள். பிறகு சேலையைக் கொஞ்சம் விலக்கி, தோளில் கறுப்பாகத் தடித்துப்போயிருந்த ஒரு கோட்டைக் காட்டினாள்.

"எடது தோளுன்னு எழுதிருக்கீக மதினி. வலது. இங்கன பாருங்க."

பார்த்தேன். வலதுதான். அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டதே, இனி என்ன செய்வது என்றேன். போகட்டும், யாரு வந்து அவுத்துப் பாக்கப்போறாக என்று சொல்லிவிட்டு, பொங்கல் ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னாள்.